"மைசூர் போர் பத்தி கட்டுரை வேணும்": எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

"அக்கா, மைசூர் போர் பத்தி ஒரு கட்டுரை வேணும்க்கா. நாளைக்கு வெக்கணும்."

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மாலை நேர டியூஷன் எடுப்பவர்கள், ஊர்ப்புற நூலகத்தில் பிள்ளைகளுக்கு உதவுபவர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள் எல்லோரிடமும் இந்தக் கோரிக்கை இப்படித்தான் வரும். எத்தனை பக்கம் என்று இருக்காது. எந்த வகுப்புக்கு என்பது ஆளைப் பார்த்து ஊகிப்பது. போரைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பது கேட்கும் பிள்ளைக்கே தெரியாது. புதிதாக உதவத் தொடங்குபவர் உடனே புத்தகத்தைப் பிரித்து ஹைதர் அலி பிறந்ததிலிருந்து எழுதவைக்க ஆரம்பிப்பார். இரவு ஒன்பது மணிக்கு மூன்றாம் பக்கம் முடியும்போதும் 1780-ஐத் தாண்டியிருக்காது.

அந்த மூன்று விவரங்களையும் பத்து நிமிடத்தில் எப்படிப் பெறுவது, கிடைக்காவிட்டால் எதை வைத்துக்கொண்டு நகர்வது என்பதை மைசூர் போரையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம். நம் இரு மாவட்டங்களின் மண்ணிலேயே நடந்த போர் என்பதால் இங்கே பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவருவதும் இதைத்தான்.

முதலில், எந்தப் போர்?

அளவும் வகுப்பும் இரண்டாவது. "மைசூர் போர்" என்று ஒரு போர் இல்லை, நான்கு இருக்கின்றன. முதலாவது 1767 முதல் 1769 வரை, இரண்டாவது 1780 முதல் 1784 வரை, மூன்றாவது 1790 முதல் 1792 வரை, நான்காவது 1799-ல். பிள்ளையிடம் "எத்தனாவது போர்?" என்று கேட்டால் பெரும்பாலும் விழிக்கும். அதைவிட, "மிஸ் கிளாஸ்ல என்ன பேர் சொன்னாங்க?" என்று கேளுங்கள். ஹைதர் அலி சண்டையிட்டார் என்றால் முதல் இரண்டில் ஒன்று. திப்புவின் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் மூன்றாவது. திப்பு இறந்துபோனார் என்றால் நான்காவது. காரன்வாலிஸ் என்ற பெயர் வந்தாலும் மூன்றாவதுதான்.

நான்கையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலையே மாறுகிறது. இரண்டு பக்கத்தில் நான்கு போர் என்றால் ஒரு போருக்கு அரைப் பக்கம்தான். ஆண்டு, காரணம், முடித்துவைத்த உடன்படிக்கை என்ற மூன்றுக்கு மேல் எதுவும் கொள்ளாது. அதை எழுதுவது எளிது, படிப்பதற்குத்தான் சப்பென்று இருக்கும்.

இன்னொரு குழப்பம் தருமபுரிக்கே உரியது. "நம்ம ஊர்ல நடந்த போர்" என்று மட்டும் பிள்ளை சொன்னால், அது அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற சங்ககாலப் போராகவும் இருக்கலாம். தமிழ் ஐயா கொடுத்த வேலையா, சமூக அறிவியல் டீச்சர் கொடுத்ததா என்று கேட்டால் அங்கேயே தெளிந்துவிடும்.

அளவை நேராகக் கேட்காதீர்கள்

"எத்தனை சொல்?" என்ற கேள்விக்குப் பள்ளிப் பிள்ளையிடம் பதில் இருக்காது. "எதுல எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டால் பதில் வரும். கோடு போட்ட ஏ4 தாளா, வீட்டுப்பாட நோட்டா, ஒப்படைப்புக் கோப்பா, பேச்சுப் போட்டியா, தேர்வுக்கு மனப்பாடம் செய்யவா?

பதிலிலிருந்து நீங்களே அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். சராசரிக் கையெழுத்தில் கோடு போட்ட ஏ4 பக்கத்தில் இருபது இருபத்திரண்டு வரி, வரிக்கு ஆறு ஏழு தமிழ்ச் சொல். ஆக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 140 சொல். பெரிய கையெழுத்தாக இருந்தால் நூறுதான் வரும். அதனால் பிள்ளையின் நோட்டை வாங்கி ஒரு பக்கத்தை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. மேடைப் பேச்சானால் நிமிடத்துக்கு நூறு சொல் என்று வையுங்கள். மூன்று நிமிடப் பேச்சுக்கு முந்நூறு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கான விடையென்றால் ஒரு பக்கம் போதும், அதிலும் உட்தலைப்புகள் வேண்டும். திருத்துபவர் கண் முதலில் அவற்றைத்தான் தேடும்.

எதுவுமே தெரியாது என்று பிள்ளை சொன்னால், அதே ஆசிரியர் போன முறை திருத்திக் கொடுத்த வேலையை எடுக்கச் சொல்லுங்கள். அதன் நீளம்தான் உங்களுக்கு அளவு. பக்க ஓரத்தில் "இன்னும் விளக்கமாக" என்று சிவப்பு மையில் இருந்தால் அரைப் பக்கம் கூட்டிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் கூடப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு போன். இந்த இரண்டு வழியில் ஒன்றில் விடை கிடைத்துவிடும்.

வகுப்பு என்பது எண் மட்டும் இல்லை

ஒன்பதாம் வகுப்பு என்று தெரிந்தால் போதாது. அந்தப் பிள்ளைக்கு இந்தப் போர் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் கட்டுரையின் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு சோதனைக் கேள்வி போதும்: "இங்கிலீஷ்காரன் ஏன் திப்புகூடச் சண்டை போட்டான்?" "நம்ம நாட்டைப் பிடிக்க" என்று பதில் வந்தால் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். "திருவிதாங்கூர் மேல திப்பு படையெடுத்தாருல்ல" என்றால் நேராகப் போருக்குள் போகலாம்.

மட்டம் மாறும்போது என்ன மாறுகிறது என்பதை ஒரே செய்தியை வைத்துப் பாருங்கள். மூன்றாம் போரின் முடிவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதலாம்: "போரில் தோற்ற திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை எதிரிகளுக்குக் கொடுத்தார்."

ஒன்பதாம் வகுப்பில் அதே செய்தி: "1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டின் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதற்குப் பிணையாக அவருடைய இரண்டு மகன்கள் ஆங்கிலேயரிடம் அனுப்பப்பட்டனர்."

கல்லூரி மாணவர் அதோடு நிற்க முடியாது. தலைநகரின் வாசல் வரை வந்துவிட்ட காரன்வாலிஸ் ஏன் மைசூரை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் பாதியோடு நிறுத்தினார் என்று அவர் கேட்டாக வேண்டும். நிஜாமும் மராத்தியரும் பங்காளிகளாக உடன் நின்றதை அந்தப் பதிலுக்குள் கொண்டுவர வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்புக் கட்டுரையில் வைத்தால் ஆசிரியர் முதல் வரியிலேயே "யார் எழுதிக் கொடுத்தது?" என்பார்.

கோணத்தைக் கண்டுபிடிப்பது

அதிகம் தவறுவது இங்கேதான். பிள்ளையிடம் "எந்தக் கோணத்தில்?" என்று கேட்பதில் பயனில்லை. நீங்களே இரண்டு மூன்று கேள்விகளை வைத்து, எதற்குப் பதில் சொல்ல ஆசை என்று கேட்க வேண்டும். மூன்றாம் மைசூர் போருக்கு மூன்று கேள்விகள் பொருந்தும். ஏன் மூண்டது? திப்பு ஏன் தோற்றார்? அதனால் நம் ஊருக்கு என்ன ஆயிற்று?

முதல் கேள்வியின் கட்டுரை 1789-லேயே பெரும்பகுதி முடிந்துவிடும். டச்சுக்காரரிடமிருந்து கொடுங்கல்லூர்க் கோட்டையைத் திருவிதாங்கூர் அரசர் விலைக்கு வாங்கியது, அதைத் திப்பு எதிர்த்தது, 1789 டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் காவலரண் மீது அவர் படை மோதியது, திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடாக இருந்ததால் அவர்கள் உள்ளே வந்தது. இரண்டாவது கேள்வி மூன்று படைகள் சேர்ந்த கூட்டணியையும், உணவுக்கும் மாட்டுக்கும் பட்ட பாட்டையும் பேசும். மூன்றாவது கேள்வி பாராமகாலைப் பேசும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பகுதிக்கு அன்றைய பெயர் அதுதான்.

எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் வைக்கலாமே என்று தோன்றும். இரண்டு பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் பட்டியலாகிவிடும். ஆசிரியர் கோணம் எதுவும் சொல்லவில்லை என்றால், நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு மூன்றாவதையே பரிந்துரைப்போம். பாடப்புத்தகத்தில் உள்ளதை முப்பது பேர் எழுதி வைத்திருக்கும் கட்டில், இராயக்கோட்டை மலையும் கிருஷ்ணகிரி மலையும் வரும் ஒரு கட்டுரை தனித்துத் தெரியும். ஆனால் தேர்வுக்கான விடையென்றால் இதைச் செய்யாதீர்கள். அங்கே காரணம், போக்கு, விளைவு என்ற வரிசைக்குத்தான் மதிப்பெண்.

ஒரு கோரிக்கை, முழுதாக

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகும்:

"எதுல எழுதணும்?"
"ஏ4 ஷீட்லக்கா."
"எத்தனை ஷீட்டு?"
"சொல்லலக்கா. போன தடவ ரெண்டு பக்கம் எழுதுனேன், குட் போட்டாங்க."
"கிளாஸ்ல என்ன பேர் வந்துச்சு?"
"காரன்வாலிஸ்... அப்புறம் ரெண்டு பசங்களக் கூட்டிட்டுப் போவாங்களே."
"சரி, அப்ப மூணாவது போர். இந்தப் போர்ல நம்ம கிருஷ்ணகிரிக் கோட்டையிலயும் சண்டை நடந்துச்சு, தெரியுமா?"
"நெசமாவாக்கா? நம்ம மலை மேலயா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் கோணம். இரண்டு பக்கம், அதாவது 280 சொல், ஒன்பதாம் வகுப்பு மட்டம், "மூன்றாம் மைசூர் போரில் பாராமகால்". இவற்றைத் தாளின் மேல் மூலையில் பென்சிலால் எழுதிவையுங்கள். எழுதும்போது வழி தவறினால் பார்த்துக்கொள்ள உதவும்.

அடுத்து 280 சொல்லைப் பிரிக்க வேண்டும். தொடக்கத்துக்கு 40, இடத்தின் முக்கியத்துவத்துக்கு 60, போர் நடந்த விதத்துக்கு 100, உடன்படிக்கைக்கு 40, அதற்குப் பின் நடந்ததற்கு 40. நடுப்பகுதிக்கு அதிகம் கொடுத்திருப்பது வேண்டுமென்றேதான். பிள்ளைகள் முன்னுரையிலேயே அரைப் பக்கத்தைத் தீர்த்துவிட்டு, உடன்படிக்கையை இரண்டு வரியில் அமுக்கிவிடுவார்கள்.

முன்னுரையில் ஆண்டும் எதிரெதிர்த் தரப்பும் போதும். 1790 முதல் 1792 வரை, ஒரு பக்கம் திப்பு சுல்தான், மறுபக்கம் ஆங்கிலேயர், நிஜாம், மராத்தியர். திருவிதாங்கூர்க் காரணத்துக்கு ஒரு வாக்கியம்.

இடத்தின் முக்கியத்துவத்தை அவளுக்குத் தெரிந்த சாலைகளை வைத்தே விளக்கலாம். கீழே தமிழ்நாட்டுச் சமவெளி, மேலே மைசூர் மேட்டுநிலம், நடுவில் ஏறிப்போகும் கணவாய்கள். சேலத்திலிருந்து தருமபுரி வரும் பஸ் தொப்பூரில் மூச்சு வாங்கி ஏறுகிறதே, அந்த இடம் அன்றைக்குப் படைகளுக்கும் கணவாய்தான். பாராமகாலைக் கையில் வைத்திருப்பவர் மேலே போகும் வழியைத் திறக்கலாம், மூடலாம். இந்த ஒரு கருத்து விளங்கிவிட்டால் மீதிக் கட்டுரை தானாக நகரும்.

போர் நடந்த விதத்தில் நான்கு நிகழ்வுகள் போதும். 1790-ல் சென்னை ஆளுநர் மெடோஸ் கோயம்புத்தூர்ப் பக்கமும், மாக்ஸ்வெல் என்ற தளபதி பாராமகாலிலும் இறங்கினார்கள். நவம்பரில் அவர்களுடைய படைகள் காவேரிப்பட்டணம் அருகே ஒன்றுசேர்ந்தன. திப்புவோ தொப்பூர்க் கணவாய் வழியாக நழுவித் தெற்கே போய்விட்டார். 1791 தொடக்கத்தில் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் தாமே படையை நடத்த வந்து, மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போயும், மழையும் உணவுப் பஞ்சமும் இழுவை மாடுகளின் சாவும் சேர்ந்து அவரைத் திரும்ப வைத்தன. பெரிய பீரங்கிகளை இழுக்க மாடில்லாமல் அங்கேயே அவற்றை உடைத்துப் போட்டார்கள்.

மூன்றாவது நிகழ்வில்தான் நம் ஊர்கள் வருகின்றன. மாடும் தானியமும் மேலே வர வழி வேண்டும் என்று பட்டுத் தெரிந்ததால், 1791 ஜூலையில் ஓசூரையும் இராயக்கோட்டையையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். காரணமும் நிகழ்வும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். "ஜூலையில் ஓசூர் பிடிபட்டது" என்று மட்டும் எழுதினால் அது தேதி மட்டும்தான். "மே மாதம் மாடில்லாமல் திரும்பியதால் ஜூலையில் கணவாய்க் கோட்டைகளைத் தேடிப் போனார்கள்" என்றால் படிப்பவருக்குப் பிடி கிடைக்கும்.

நான்காவது, அவள் கேட்ட மலை. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியை இரவில் தாக்கினார். அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஓடியவர்களைத் துரத்தி மேல்கோட்டை வாசல் வரை ஏறியும் விட்டார்கள். மேலேயிருந்து பாறைகளை உருட்டிவிட்டதும் பின்வாங்க வேண்டியதாயிற்று. மேல்கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை. இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் விரித்து எழுதவிடுங்கள், நாற்பது சொல் வரை போனாலும் பரவாயில்லை. மற்ற மூன்றிலும் கழித்துக்கொள்ளலாம்.

உடன்படிக்கைக்கு, 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது நடந்த இரவுத் தாக்குதலையும், மார்ச்சில் கையெழுத்தானதையும், பாதி நாட்டையும் பணத்தையும் பிணைப்பிள்ளைகளையும் சொன்னால் போதும். ஆங்கிலேயரின் பங்காக வந்தவற்றில் மலபாரும் திண்டுக்கல்லும் பாராமகாலும் அடங்கும். சண்டையில் பிடிக்க முடியாத கிருஷ்ணகிரி, கையெழுத்தில் கைமாறியது.

கடைசிப் பத்திக்குப் போருக்குப் பின் வந்த நிர்வாகம். அலெக்சாண்டர் ரீடு பாராமகாலின் கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே 1792 முதல் 1799 வரை வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. ஒவ்வொரு உழவரிடமும் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெறத் தொடங்கியது. "இதிலிருந்து நாம் அறிவது" என்று ஒரு பத்தி சேர்க்க அவள் கை துடிக்கும். தடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்த பின் தேட வேண்டிய பிழைகள்

மூன்றாம் போரில் ஹைதர் அலி வந்தால் பிழை. அவர் 1782 டிசம்பரில், இரண்டாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். இணையத்திலிருந்து நான்கு போரையும் கலந்து எடுத்தால் இப்படி நேரும். அதேபோல, திப்பு வீரமரணம் அடைந்ததோடு கட்டுரை முடிந்தால் 1799-க்குத் தாவிவிட்டாள் என்று பொருள்.

"கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791-ல் ஆங்கிலேயர் வென்றனர்" என்ற வரி இன்னொரு பொறி. தாக்கியது உண்மை, வென்றது இல்லை. ஓசூருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். 1791-ல் பிடிபட்டாலும், 1792 உடன்படிக்கையில் ஓசூர்ப் பகுதி ஆங்கிலேயருக்குப் போகவில்லை. 1799-க்குப் பின்தான் போனது. "இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் 1792-ல் ஆங்கிலேயர் வசமானது" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தருமபுரி மாவட்டம் 1965-லும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-லும்தான் உருவாயின. 1791-ஐப் பற்றி எழுதும்போது "கிருஷ்ணகிரிப் பகுதி" அல்லது "பாராமகால்" என்றே இருக்கட்டும்.

நேரமே இல்லாதபோது

சில சமயம் எந்தக் கேள்விக்கும் பதில் வராது. அம்மா வாசலில் வண்டியோடு நிற்பார், பிள்ளைக்கு அழுகை முட்டும். அப்போது நீங்களே முடிவெடுக்க வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளையென்றால் ஒன்றரைப் பக்கம், பாடப்புத்தகத்தின் மட்டம், காரணம், போக்கு, விளைவு என்ற வரிசை. இந்த மூன்றையும் எந்த ஆசிரியரும் தவறென்று சொல்ல மாட்டார். ஆனால் கடைசிப் பத்தியைத் தனித்தாளில் எழுதச் சொல்லுங்கள். காலையில் "மூணு பக்கம் வேணும்" என்று தெரியவந்தால், அந்தத் தாளுக்கு முன்னால் பாராமகால் பற்றி ஒரு பக்கத்தைச் செருகிவிடலாம், முன்னது எதையும் திருப்பி எழுத வேண்டாம்.

முழுக் கட்டுரையையும் நீங்களே சொல்லச் சொல்ல அவள் எழுதுவது எளிதாகத் தெரியும். முன்னுரையை மட்டும் சேர்ந்து எழுதுங்கள். மற்றப் பத்திகளுக்கு ஆண்டும் பெயரும் மட்டும் குறித்துக் கொடுங்கள். மலையிலிருந்து பாறை உருண்டதை அவள் தன் சொல்லில் எழுதினால்தான், "இது எங்க படிச்ச?" என்று ஆசிரியர் கேட்கும்போது அவளால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.